மணிவடிவப் பரவலும் பட்டறிவு விதியும்

ஸ்காட்லாந்துப் படைவீரர் 5738 பேரின் மார்புச் சுற்றளவுகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து தொகுக்கப்பட்டன. பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே 1846இல் அத்தொகுப்பை ஆராய்ந்து, அளவுகள் நடுவில் குவிந்து இருபுறமும் சீராகக் குறைவதைச் சுட்டிக்காட்டினார். அவற்றை வரைபடமாக்கினால் கவிழ்த்து வைத்த மணியின் உருவம் தோன்றும். கூட்டுச்சராசரி ஏறத்தாழ 39.83 அங்குலம், திட்ட விலக்கம் 2.05 அங்குலம்.

இத்தகைய பரவலில் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள் ஏறக்குறைய 68 விழுக்காடும், இரண்டுக்குள் 95 விழுக்காடும், மூன்றுக்குள் 99.7 விழுக்காடும் அடங்கும். இதுவே பட்டறிவு விதி. மூன்று எண்களை நினைவில் வைத்தாலே போதும். அட்டவணை எதுவும் தேவையில்லை.

வீரர்களின் அளவுகளில் இதனைச் சோதிப்போம். 39.83உடன் 2.05ஐக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 37.78 முதல் 41.88 வரையிலான இடைவெளி கிடைக்கும். அளவுகள் முழு அங்குலங்களில் குறிக்கப்பட்டிருப்பதால், இதனுள் 38, 39, 40, 41 ஆகியவை அமைகின்றன. அவற்றின் நிகழ்வெண்கள் முறையே 749, 1073, 1079, 934. இவற்றின் கூடுதல் 3835, அதாவது 66.8 விழுக்காடு. விதி கூறிய 68க்கு இது மிக அருகில் உள்ளது. இரண்டு திட்ட விலக்கங்களுக்குள், அதாவது 36 முதல் 43 அங்குலம் வரை, 5468 பேர் உள்ளனர், இது 95.3 விழுக்காடு. மூன்றுக்குள் 5709 பேர், 99.5 விழுக்காடு.

இதே அளவுப் பரவலுடைய 2000 வீரர்களுக்குச் சீருடை தைக்க வேண்டும் எனக் கொள்வோம். 36 முதல் 43 அங்குலம் வரை மட்டும் தைத்தால் எத்தனை பேருக்குப் பொருந்தாது? இரண்டு திட்ட விலக்கங்களுக்கு வெளியே 5 விழுக்காடு இருப்பதால், விடை ஏறத்தாழ 100 பேர். பரவல் சமச்சீரானது என்பதால் அவர்களுள் பாதியாகிய 50 பேருக்குப் பெரிய உடை தேவைப்படும். இது மதிப்பீடு மட்டுமே என்பதை மறத்தலாகாது. கெட்லேயின் தொகுப்பிலேயே 43ஐக் கடந்தோர் 168 பேர். 36க்குக் குறைந்தோர் 102 பேர். மொத்தத்தில் 4.7 விழுக்காடு என்பது விதிக்கு ஒத்துவருகிறது. ஆயினும் இரு முனைகளும் சமமாக இல்லை. முனைகளை நெருங்குந்தோறும் விதியின் துல்லியம் தளரும்.

பரவல் மணிவடிவில் இல்லையெனில் விதியைக் கையாளவே கூடாது. அதனைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. ஒரு மருந்தகத்தில் காத்திருக்கும் நேரத்தின் சராசரி 10 நிமிடம், திட்ட விலக்கம் 8 நிமிடம் என்க. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்களைக் கழித்தால் −6 நிமிடம் வருகிறது. காத்திருக்கும் நேரம் சுழியினும் குறைய இயலாது. எனவே இப்பரவல் இடப்புறம் சுழியில் தடைப்பட்டு, வலப்புறம் நீண்ட வாலுடன் கோட்டமுற்றிருக்கும் எனலாம். இங்கு 26 நிமிடத்திற்கு மேல் காத்திருப்போர் 2.5 விழுக்காட்டினர் எனக் கணிப்பது பிழையாகும். நீண்ட வாலின் காரணமாக அவர்கள் அதனினும் மிகுதியாக இருக்கக்கூடும்.