வான்நோக்கு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிகளில் கிரகணம் பற்றிப் பேசப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். பேச்சுக்கு எடுத்துச் செல்லும் படம் எது என்றும் கேட்டிருந்தாய். படமே வேண்டாம் என்பது என் கருத்து. பாடப்புத்தகப் படத்தில் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே கோட்டில், ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும். அதைப் பார்க்கிற பிள்ளை, "அப்படியானால் ஒவ்வொரு அமாவாசைக்கும் கிரகணம் வரணுமே?" என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் இல்லை. கேட்கிற பிள்ளைதான் சரியாகப் பார்த்திருக்கிறது.

படத்துக்குப் பதிலாக ஒரு சிறு தேங்காயும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்துப் போ. ஒரு சென்டிமீட்டரை ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். பூமி ஏறக்குறைய 13 செ.மீ. குறுக்களவுள்ள தேங்காய், நிலவு மூன்றரை செ.மீ. எலுமிச்சை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளையே வைக்கச் சொல். ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். நீ எலுமிச்சையை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட நான்கு மீட்டர் நடந்து போய் நில். (சூரியனை வைக்க வேண்டுமென்றால் 14 மீட்டர் அகலப் பந்தை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதை வாயால் சொன்னால் போதும்.)

இப்போது சாய்வுக்கு வா. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஐந்து பாகை என்றால் காதில் சின்னதாகத்தான் விழும். நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் எலுமிச்சைக்கு அது மேலே 34 செ.மீ., கீழே 34 செ.மீ. அந்த இடத்தில் தேங்காயின் கருநிழல் வெறும் 9 செ.மீ. அகலம். மாதா மாதம் நிலவு நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுவதில் வியப்பே இல்லை என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள்.

நிலவு தளத்தைக் கடக்கும் புள்ளிகள் இரண்டு, எதிரெதிரே. நம் பஞ்சாங்கக்காரர்கள் அவற்றுக்குத்தான் ராகு, கேது என்று பெயர் வைத்துப் பாகை எழுதிவருகிறார்கள். இரண்டும் எப்போதும் எதிரெதிர் ராசியில் நிற்பதும் பின்னோக்கி நகர்வதும் அதனால்தான். பலன் சொல்லும் பக்கத்தை விட்டுவிடு. பாகை எழுதிய பக்கம் உனக்கு நல்ல கருவி. சூரியன் இந்த இரண்டில் ஒன்றை நெருங்கும் நாட்களில்தான் கிரகணம் வர முடியும். அந்தக் காலம் சுமார் 173 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டு. 2025 செப்டம்பர் 7, ஆவணிப் பௌர்ணமி. சூரியன் சிம்மத்தில், கேதுவுக்கு 3 பாகை முன்னால் இருந்தது. நம் தேங்காய்க் கணக்கில், நிலவின் மையம் நிழலின் நடுவிலிருந்து 2 செ.மீ. மட்டுமே கீழே போனது. ஒன்பது செ.மீ. அகல நிழலுக்குள் எலுமிச்சை முழுதாக அடங்கிவிட்டது. முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணி முதல் 12.22 வரை, 82 நிமிடம் செம்பு நிறத்தில் தெரிந்தது. அந்தச் சிவப்பு, பூமியின் காற்று வளைத்து அனுப்பிய ஒளி.

இரண்டு வாரம் கழித்து மகாளய அமாவாசை, செப்டம்பர் 21. அதற்குள் சூரியன் கேதுவைத் தாண்டி 11 பாகை போய்விட்டது. நிலவு தளத்துக்குக் கிட்டத்தட்ட 7 செ.மீ. கீழே. பகுதிச் சூரிய கிரகணம் நடந்தது. ஆனால் நியூசிலாந்து, அன்டார்டிகா பக்கம் மட்டும். அடுத்த பௌர்ணமி அக்டோபர் 7. சூரியன் 27 பாகை விலகியாயிற்று. நிலவு நிழலின் நடுவுக்கு 15 செ.மீ. மேலே போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிரகண காலம் இப்படித்தான் திறந்து மூடுகிறது.

நடுவில் இருக்கும் அந்த 7 செ.மீ.யைக் கவனித்தாயா? அதே விலகல் ஒரு பௌர்ணமியில் இருந்திருந்தால் எலுமிச்சை கருநிழலைத் தொட்டிருக்காது. தொடுவதற்கு 6 செ.மீ. சொச்சத்துக்குள் வர வேண்டும். அமாவாசையில் மட்டும் எப்படிக் கிரகணம் ஆனது?

இந்த இடத்தில் நேரம் எடுத்துக்கொள். சூரியன் பூமியைவிட மிகப் பெரியது. ஆகவே சூரியனிலிருந்து பூமிக்கு வரும் ஒளி குறுகிக்கொண்டே வரும் ஒரு குழாய். பூமியைத் தாண்டிய பின் அதே குழாய்தான் கருநிழலாகித் தொடர்ந்து குறுகுகிறது. பூமிக்குப் பின்னால், நிலவின் தூரத்தில், அதன் அகலம் 9 செ.மீ. பூமிக்கு முன்னால், அதே தூரத்தில், 16 செ.மீ. சந்திர கிரகணத்துக்கு நிலவு 9 செ.மீ. பக்கத்தைத் தொட வேண்டும்; சூரிய கிரகணத்துக்கு 16 செ.மீ. பக்கத்தைத் தொட்டால் போதும், பூமியில் எங்கோ ஓர் இடத்தில் சூரியன் குறைபட்டுத் தெரியும்.

அதனால் புள்ளிக்கு இருபுறமும் 15 பாகைக்குள் அமாவாசை வந்தால் சூரிய கிரகணம் நிச்சயம். சூரியன் மாதத்துக்கு ஏறக்குறைய 30 பாகை நகர்கிறது. எனவே எந்தக் கிரகண காலமும் ஒரு சூரிய கிரகணமாவது இல்லாமல் முடியாது. பௌர்ணமிக்கு உறுதி சொல்ல வேண்டுமானால் 9 பாகைக்குள் இருக்க வேண்டும்; தப்பிவிட இடம் உண்டு. 2020இல் அப்படித்தான் ஆனது. அவ்வாண்டு சந்திர கிரகணம் நான்கு; நான்கும் புறநிழல் கிரகணங்கள், கண்ணுக்கு லேசான மங்கல் மட்டுமே. கருநிழலை நிலவு ஒருமுறைகூடத் தொடவில்லை. சூரிய கிரகணமோ ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று.

நூறு ஆண்டுக்குச் சராசரியாகச் சூரிய கிரகணம் 240 அளவில் வருகிறது. கருநிழல் தொடும் சந்திர கிரகணம் 150 அளவில்தான். இதைச் சொன்னால் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். "நான் எத்தனை சந்திர கிரகணம் பார்த்திருக்கிறேன், சூரிய கிரகணம் அபூர்வமாச்சே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. நிலவே இருண்டால், அந்நேரம் நிலவு தெரியும் பாதி உலகமும் அதைப் பார்க்கும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் டெல்லிக்கும் அதே கணம்தான். சூரிய கிரகணத்தில் சூரியனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நிலவின் நிழல் நம் தலைமேல் ஓடுகிறது, அவ்வளவுதான். ஓடும் பாதையில் நின்றவருக்கே காட்சி.

நிலவின் கருநிழல் நம் அளவில் சுமார் 375 செ.மீ. நீளம். நிலவோ 356 முதல் 407 செ.மீ. வரை தள்ளியும் நெருங்கியும் போகிறது. நிழலின் நுனி தரையைத் தொட்டால் முழுக் கிரகணம், எட்டாவிட்டால் வளையம். 2019 டிசம்பர் 26 காலையில் எட்டவில்லை. கோவை, திண்டுக்கல் பக்கம் சுமார் 3 நிமிடம் வளையம் தெரிந்தது. வளையம் தெரிந்த பட்டை நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் அகலம்தான். சென்னையில் கடித்த பிறைதான் கிடைத்தது.

ஆகவே நிகழ்ச்சி திட்டமிடும்போது சந்திர கிரகணத்துக்கு மேகத்தை மட்டும் பார். மொட்டைமாடி போதும், கண்ணாடி எதுவும் வேண்டாம். சூரிய கிரகணத்துக்கு முதலில் வரைபடத்தை விரித்து, உன் ஊர் பாதைக்குள் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்று. வளையம் தெரியும் நிமிடங்களிலும் சூரியக் கண்ணாடியைக் கழற்ற விடாதே.

2031 மே 21 அன்று வளையத்தின் பாதை மதுரை வழியாகப் போகிறது. வண்டிக்கு இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
அண்ணன்