புதுக்குடித்தனம் போகிறவர்களுக்கு: எந்த எண்ணைப் பதிவது?

1. எண்கள் குறைவாக இருக்கட்டும். வீட்டில் எது கெட்டால் யார் நேரில் வர வேண்டும் என்று யோசித்தாலே பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீசோ தீயணைப்போ வேண்டுமென்றால் 112. சமையல் கேஸ் கசிந்தால் 1906. கரண்டுக்கு மின்னகம், 94987 94987. புயல், வெள்ளத்துக்கு புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை 1077. வெளியூரிலிருந்து கூப்பிட்டால் முன்னால் 04322 சேர்க்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிற வீடு என்றால் கடலோரக் காவலுக்கான 1093ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 'அவசரம் கேஸ்', 'அவசரம் கரண்டு' என்று பதிந்தால் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகூட எடுத்துவிடும்.

2. எண்ணோடு விடையையும் பதியுங்கள். பல பேர் தவறவிடுவது இதைத்தான். மின்னகத்தில் முதலில் கேட்பது மின் இணைப்பு எண். 1906இல் எந்தக் கம்பெனி, எந்த ஏஜென்சி, நுகர்வோர் எண் என்ன என்று கேட்பார்கள். இருட்டில் பில்லைத் தேட முடியுமா? அந்த எண் பதிவிலேயே இவற்றையும் குறித்துவையுங்கள். ஏஜென்சி எண்ணும், உங்கள் பிரிவு மின்வாரிய ஆபீஸ் எண்ணும் கூடவே இருக்கட்டும். புகார் எங்கே பதிந்தாலும் வரப்போவது பக்கத்து ஆபீஸ் ஆட்கள்தான்.

3. கேஸ் வாடை வந்தால் போன் இரண்டாவது வேலை. ராத்திரி எழுந்து அடுப்படிக்குப் போகிறீர்கள், வாடை அடிக்கிறது. லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். எரிகிற விளக்கையும் அணைக்காதீர்கள், ஃபேன் போடாதீர்கள். சுவிட்சில் வரும் சின்னப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரில் கயிற்றோடு தொங்கும் மூடியை வால்வின் மேல் அழுத்தி மாட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் விரியத் திறந்துவிடுங்கள். எல்லாரும் வாசலுக்கு வந்து, தள்ளி நின்ற பிறகுதான் 1906. அடுப்படிக்குள் நின்று போன் பேசக் கூடாது. தீயே பிடித்துவிட்டால் 1906 அல்ல, 112 அல்லது 101.

4. 108இல் தாலுகாவையும் சொல்லுங்கள். 2008இலிருந்து ஓடுகிற இந்தச் சேவைக்கு அழைப்பை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருப்பார். 'புதுப்பட்டி' என்றால் அவருக்கு எது என்று தெரியாது. நம் மாவட்டத்திலேயே புதுப்பட்டிகள் பல. "புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடி தாலுகா, இன்ன ஊர், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்து" என்று அடுக்கடுக்காகச் சொல்ல வேண்டும். அந்த வரியை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். பேசி முடித்தபின் போனைப் பிசியாக வைக்காதீர்கள், வண்டி டிரைவர் வழி கேட்டு அழைப்பார். ஒருவர் மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும்.

5. கரண்டு போனால் முதலில் தெருவைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் எரிந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு மெயினில்; எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். தெருவே இருட்டு என்றால் மின்னகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கம்பி அறுந்து கிடந்தால் அது செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். ஆளையும் மாட்டையும் கிட்டே விடாமல் ஒருவர் காவல் நிற்க, இன்னொருவர் பேசட்டும்.

6. சிங்கப்பூர் மகனுக்கு வேறு பட்டியல். தனியாக இருக்கும் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் முதலில் மகனைத்தான் கூப்பிடுவார். ஆனால் 108, 1906 போன்ற சுருக்க எண்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. பத்து இலக்க எண் மட்டுமே +91 சேர்த்தால் வரும். எனவே அவர் போனில் பக்கத்து வீட்டார் இருவர், ஊரில் வண்டி வைத்திருப்பவர் ஒருவர் எண் இருக்க வேண்டும். அவர்கள் இங்கிருந்து 108ஐ அழைப்பார்கள்.

7. காகிதத்திலும் எழுதிவையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போஸ்ட் மரங்கள் சாய்ந்து, கரண்டும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போயின. அந்த நிலையில் போன் நினைவகம் உதவாது. தாளில் எண் இருந்தால் சிக்னல் உள்ள ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடலாம்.

8. எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். 'கஸ்டமர் கேர்' என்று போலி எண்களைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. மின்கட்டண ரசீது, கேஸ் புத்தகம், இவற்றில் அச்சிட்டதே நம்பகமானது. "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் பேசுங்கள்" என்று செய்தி வந்தால், அந்த எண்ணுக்குப் பேசாமல் மின்னகத்தில் கேளுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே 1930க்குச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு.