கடையில் இருப்பது எல்லாம் விற்கக் கூடியது அல்ல
(சிறுதொழில் கணக்குப் பாடம்)



நம் டிரஸ்ட்டில் தொழில் கடன் பெற்றவர்களின் கணக்கை மாதம் ஒருமுறை பார்ப்பது வழக்கம். கடந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்தபோது ஒரு சகோதரி மிகவும் மனம் வருந்திப் பேசினார். வீட்டின் முன்னறையில் புர்கா விற்பவர் அவர். கடையில் வருபவர்களை அவர் கவனிப்பார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கல்லூரியில் படிக்கும் மகன் கவனிப்பார். கடைசியாக இருந்த ஒரே ஒரு புர்காவை இருவரும் ஆளுக்கு ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கவனக்குறைவாக இருக்கவுமில்லை. கணக்குத் தாளில் ஒரு கழித்தல் விடுபட்டிருந்தது. நம்மில் பலருடைய கணக்கிலும் அதே ஓட்டை இருக்கக் கூடும் என்பதால், அவர் அனுமதியோடு அதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

கை ஓரத்தில் பூ வேலை செய்த கறுப்பு புர்கா, 56 அளவு. நோன்பு தொடங்கும்போது 12 உருப்படிகள் வாங்கி வைத்திருந்தார். பிறை 25 அன்று காலையில் ஒன்றுதான் மிச்சம். 10 மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய், பெருநாள் கழித்து நிக்காஹ் நடக்கவிருக்கும் தன் மகளுக்காக அதைக் கேட்டார். 1,850 ரூபாயை முழுதாகப் போனிலேயே அனுப்பிவிட்டார். மகன் அதை ஆர்டர் தாளில் எழுதிக்கொண்டார். கூரியர் மாலை 5 மணிக்குத்தான் எடுக்கும் என்பதால் புர்கா அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

லுஹருக்குப் பிறகு ஒரு பெண் கடைக்கு வந்து அதே அளவைக் கேட்டார். சகோதரி போனில் ஸ்டாக் தாளைத் திறந்து பார்த்தார். 1 என்று இருந்தது. எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். மாலையில் மகன் பார்சல் கட்ட வந்தார்.

“உம்மா, அந்த 56 எங்கே?”

“மதியம் ஒரு பிள்ளை வந்து வாங்கிட்டுப் போச்சு. ஸ்டாக்ல ஒண்ணு இருக்குன்னுதானே காட்டுச்சு?”

“அது காலையிலேயே வித்துப் போனது உம்மா!”

முதலில் பணம் கட்டியவருக்குப் பொருள் இல்லை. பிறகு வந்தவர் அதை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். மொத்தக் கடையிலும் அந்த அளவு தீர்ந்திருந்தது. அன்றிரவே பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் பெருநாளுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அந்தத் தாய் வேறு கடை தேடி அலைய வேண்டியதாயிற்று.

ஓட்டை எங்கே இருந்தது?

அவர்கள் தாளில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்தான் இருந்தது: ஸ்டாக். கடையில் விற்றால் அப்போதே அதில் குறைப்பார்கள். ஆர்டர் என்றால், பார்சல் கூரியருக்குப் போன பிறகுதான் குறைப்பார்கள். பொருள் கடையில் இருக்கும்போதே எப்படிக் குறைப்பது என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் தவறில்லை. அலமாரியில் எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த எண் சரியான பதில்தான். ஆனால் வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கு வேண்டிய பதில் வேறு: இன்னும் எத்தனை விற்கலாம்?

ஆர்டர் எடுத்த நேரத்துக்கும் அனுப்பும் நேரத்துக்கும் இடையில் பொருள் நம் கடையில் இருக்கிறது, ஆனால் அது நம்முடையதல்ல. இன்னொருவருக்கென்று நம்மிடம் இருக்கும் அமானிதம் அது. அன்று அந்த ஏழு மணி நேரத்தைத்தான் தாள் காட்டத் தவறியது.

“இரண்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறோம், ஒருநாளும் இப்படி ஆனதில்லையே?” என்று சகோதரி கேட்டார். அந்தத் தாளையே திருப்பிப் பார்த்தோம். பிறை 12 அன்று அதே புர்கா அலமாரியில் 7 இருந்தது. அனுப்ப வேண்டிய ஆர்டர் 3. விற்கக் கூடியது 4தான், ஆனால் தாள் 7 என்று காட்டியது. அன்று கடையில் விற்றது 2 மட்டுமே. மறுநாள் மூன்று பார்சலும் போய் 2 மிஞ்சியது. ஆக, தவறு அன்றும் இருந்தது. சரக்கு நிறைய இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. இந்தத் தவறு எப்போதும் கடைசி உருப்படியில்தான் வெளியே வரும். பெருநாள், பள்ளி திறப்பு போன்ற நெருக்கடி நாட்களில் வருவதும் அதனால்தான்.

ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள்

கையிருப்பு என்பது அலமாரியில் எண்ணினால் வருவது. ஒதுக்கியது என்பது ஆர்டர் எடுத்தும் இன்னும் அனுப்பாதது. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் வருவது விற்கக் கூடியது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும்போது மூன்றாவது எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும்.

நோட்டில் எழுதுபவர்கள் மூன்று கட்டம் போட்டுக்கொண்டால் போதும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் எழுதுபவர்கள் இப்படிச் செய்யலாம். ஆர்டர்களுக்கு `Orders` என்று தனித் தாள். அதில் B பத்தியில் பொருளின் குறியீடு, D பத்தியில் எண்ணிக்கை, E பத்தியில் நிலை. அனுப்பாத ஆர்டருக்கு நிலை `pending`, அனுப்பியதற்கு `sent`. ஸ்டாக் தாளில் A பத்தியில் குறியீடு, B பத்தியில் கையிருப்பு. C2, D2 கட்டங்களில் முறையே கீழுள்ள இரண்டு வரிகள்:

```
=SUMIFS(Orders!D:D,Orders!B:B,A2,Orders!E:E,"pending")
=B2-C2
```

முதல் வரி அந்தப் பொருளுக்கு அனுப்பாமல் நிற்கும் ஆர்டர்களைத் தானே கூட்டும். இரண்டாவது வரி அதைக் கையிருப்பிலிருந்து கழிக்கும். ஒரு எச்சரிக்கை: `pending` என்ற சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தாலும் அந்த ஆர்டர் கூட்டலில் சேராது. பழைய ஓட்டை சத்தமில்லாமல் திரும்பிவிடும். ஆகவே நிலையைக் கையால் தட்டாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பிறை 25ஐ மறுபடி நடத்திப் பார்ப்போம்

காலை 9 மணி: கையிருப்பு 1, ஒதுக்கியது 0, விற்கக் கூடியது 1.

காலை 10 மணி, ஆர்டர் எழுதியதும்: கையிருப்பு 1, ஒதுக்கியது 1, விற்கக் கூடியது 0.

மதியம் கடைக்கு வந்தவரிடம் சகோதரி, “அது ஒருவர் சொல்லி வைத்தது, 58 அளவு இருக்கிறது, பார்க்கிறீர்களா?” என்று சொல்லியிருப்பார்.

மாலை 5 மணி, பார்சல் போனதும்: கையிருப்பு 0, ஒதுக்கியது 0, விற்கக் கூடியது 0.

கடைசி வரியைக் கவனியுங்கள். பார்சல் போகும்போது கையிருப்பிலும் ஒதுக்கியதிலும் ஒன்று ஒன்று குறைகிறது, விற்கக் கூடியது மாறவில்லை. அது ஆர்டர் எடுத்தபோதே குறைந்துவிட்டது. அனுப்பும் நேரத்தில் அந்த எண் அசைந்தால் பதிவில் பாதி விட்டுப்போயிற்று என்று பொருள். கையிருப்பைக் குறைத்துவிட்டு நிலையை `sent` என்று மாற்ற மறந்தால் 0 என்பது -1 ஆகும். நிலையை மாற்றிவிட்டுக் கையிருப்பைக் குறைக்க மறந்தால் 0 என்பது 1 ஆகி, இல்லாத புர்காவைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனெனில் அது பார்வைக்கு நல்ல எண்ணாகவே தெரியும். எனவே இரண்டு பதிவையும் ஒருவரே, ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

மைனஸ் எண் தெரிந்தால் உடனே எழுந்து போய் அலமாரியைப் பாருங்கள். ஒன்று பதிவு தவறியிருக்கும், அல்லது ஏற்கெனவே இருவருக்கு விற்றிருப்பீர்கள். மாலை வரை காத்திருக்காமல் அப்போதே தெரிந்தால், வாடிக்கையாளரிடம் அன்றே சொல்ல முடியும்.

தாள் மட்டும் காப்பாற்றாத இடங்கள்

சொல்லி வைத்துவிட்டுப் பணமும் கட்டாமல் வராமலும் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒதுக்கியது அப்படியே நின்றால், பொருள் அலமாரியில் இருந்தும் “இல்லை” என்று சொல்லி அனுப்புவோம். பணம் கட்டாத பதிவுக்கு ஒரு கெடு வையுங்கள். உதாரணமாக, மறுநாள் மாலை வரை. அதை ஆர்டர் எடுக்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். கெடு தாண்டினால் அவருக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிலையை `cancelled` என்று மாற்றினால், சூத்திரம் அந்தப் பொருளைத் தானே விடுவிக்கும்.

இன்னொன்று, ஒரே நிமிடத்தில் நடப்பது. மகனும் தாயும் தனித்தனி போனில் ஒரே நேரத்தில் 1 என்று பார்த்து, இருவரும் “இருக்கிறது” என்று சொல்லிவிட்டால் சூத்திரம் என்ன செய்யும்? அது எழுதியதைத்தான் கணக்கிடும். இதற்குப் பழைய கடைக்காரர்களின் வழியே சிறந்தது. ஆர்டர் எடுத்ததும் பொருளைக் கொக்கியிலிருந்து இறக்கி, வாங்குபவர் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தி, ஆர்டர் தட்டில் வைத்துவிட வேண்டும். பொருளைக் கையில் எடுத்த பிறகுதான் “சரி, உங்களுக்கு வைத்துவிட்டேன்” என்று பதில் அனுப்ப வேண்டும். ஒரு பொருளை இருவர் ஒரே நேரத்தில் கையில் எடுக்க முடியாது. இரவு கடை அடைக்கும்போது அந்தத் தட்டில் இருப்பதை எண்ணி, ஒதுக்கியது என்ற பத்தியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் என்பதால் இதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். பில் போட்டால்தான் ஸ்டாக் குறையும், ஆர்டர் பதிவால் குறையாது என்ற அமைப்பு பரவலாக உண்டு. சோதிப்பது எளிது. ஒன்றே ஒன்று கையிருப்பு உள்ள பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஓர் ஆர்டர் மட்டும் பதியுங்கள், பில் போட வேண்டாம். பிறகு விற்பனைத் திரையில் அதே பொருளைத் தேடுங்கள். விற்கலாம் என்ற இடத்தில் 0 வந்தால் நல்லது. 1 என்று வந்தால், ஆர்டர்களைக் கழித்துக் காட்டும் வசதி இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். அது கிடைக்கும் வரை சீட்டும் தட்டும் கைகொடுக்கும். சோதனை முடிந்ததும் அந்த ஆர்டரை ரத்து செய்ய மறக்க வேண்டாம்.

அந்தச் சகோதரியின் முன்னறையில் இப்போது கொக்கிகளுக்குக் கீழே ஒரு நீல நிறத் தட்டு இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் சரக்கு வந்திறங்கிய அன்றே அதில் நான்கு சீட்டுகள் விழுந்திருந்தன. வாசலில் வந்து கேட்பவர்களிடம் அந்த நான்கையும் நீக்கிய எண்ணைத்தான் அவர் சொல்கிறார்.

வஸ்ஸலாம்.
செயலாளர்