கைப்பேசி மாற்றும்போது நம் பேரேடு யாரிடம் இருக்கிறது?



நம் கம்போங் மேடானிலும் பழைய கிள்ளான் சாலை நெடுகிலும் கடை நடத்துகிறவர்களில், சிட்டைப் புத்தகத்தில் மட்டும் கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். "பத்து மூட்டை அரிசி அனுப்பவும்" என்பதும், "பாக்கியை அடுத்த மாதம் தருகிறேன்" என்பதும் கைப்பேசியில்தான் எழுதப்படுகின்றன. வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்து நிற்கும். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்கு ஆறு வருஷம் வரை வழக்குப் போடலாம் என்பது 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். கைப்பேசியோ அத்தனை நாள் உழைப்பதில்லை. 2021ஆம் ஆண்டு முடிவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது பழைய போன்காரர்கள் பலர் புதியது வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு பாக்கி வசூலாவதற்குள் அதைப் பற்றிய எழுத்து இரண்டு மூன்று போன்களைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது. அது தாண்டி வருமா, வராதா என்பதே இப்பாடம்.

நம்மவர்கள் பெரும்பாலும் உபயோகிப்பவை இரண்டு: வாட்ஸ்அப், டெலிகிராம். திரையில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே சாயல். ஆனால் எழுதப்பட்டது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தால், ஒன்று தபாலாபீஸ், மற்றது கிட்டங்கி.

வாட்ஸ்அப் தபாலாபீஸ். நாம் அனுப்பும் செய்தி கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாகச் செல்கிறது. பெறுகிறவருடைய போனில் சேர்ந்ததும் கம்பெனி தன்னிடமுள்ளதை நீக்கிவிடுகிறது. அவருடைய போன் அணைந்திருந்தால் 30 நாள் வரை வைத்திருந்து பார்க்கும். அதற்குப் பிறகு அதையும் நீக்கிவிடும். அந்த நாள்களிலும் செய்தி பூட்டிய உறைக்குள் இருக்கும். சாவி அனுப்பியவர் போனிலும் பெறுகிறவர் போனிலுமே உண்டு. ஆகையால் சேர்ந்துவிட்ட கடிதத்தின் நகலைத் தபாலாபீஸில் கேட்பது வீண். பேரேடு நம் கையிலுள்ள போனிலேயே இருக்கிறது.

டெலிகிராம் கிட்டங்கி. அதில் நாம் சாதாரணமாகப் பேசுவதெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைக்கப்படுகிறது. நம் போன் அந்தக் கிட்டங்கியைப் பார்க்கும் ஜன்னல்தான். ஜன்னலை மாற்றினால் சரக்கு குறையாது. புதிய போனில் அதே எண்ணைக் கொடுத்து, வருகிற குறியீட்டை இட்டு உள்ளே போனால், பழைய பேச்சு முழுவதும் தானே வந்து நிற்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. Secret Chat என்று தனியாகத் தொடங்கிய பேச்சு அது தொடங்கிய போனிலேயே தங்கும். புதிய போனுக்கு வராது.

நிற்க. நம்மவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. போன் தொலைந்த ஒருவர் புதிய போனில் வாட்ஸ்அப்பை ஏற்றுகிறார். அவர் சேர்ந்திருந்த குழுக்களின் பெயர்கள் வருகின்றன. போன் இல்லாத இரண்டு நாளில் பிறர் அனுப்பிய செய்திகளும் வந்து விழுகின்றன. "எல்லாம் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது, பழையதும் மெல்ல வரும்" என்று காத்திருக்கிறார். பழையது வருவதில்லை. குழுவில் யார் யார் என்ற பட்டியலைக் கம்பெனி வைத்திருக்கிறது; ஆகவே பெயர் வந்தது. சேராமல் காத்துக்கிடந்த தபாலும் வந்தது. ஏற்கனவே சேர்ந்துவிட்ட தபால் தொலைந்த போனுக்குள் இருக்கிறது. குழுவின் பெயர் இருந்து, உள்ளே பழைய எழுத்து இல்லையென்றால், பேரேடு வந்து சேரவில்லை என்று உடனே அறிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் வாட்ஸ்அப் பேரேட்டைப் புதிய போனுக்குக் கொண்டுபோவது எப்படி? ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரர் பழைய ஆண்ட்ராய்டு போனிலிருந்து புதிய ஆண்ட்ராய்டு போனுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் மார்ச் 3ஆம் தேதி, "மீதி 1,850 வெள்ளியை ஜூன் மாதம் தருகிறேன்" என்று எழுதியது பழைய போனில் இருக்கிறது.

இவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கைக்குக் கை மாற்றுவது. இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வைஃபையையும் இருப்பிடத்தையும் திறந்து வைக்க வேண்டும். பழைய போனில் Settings, பிறகு Chats, பிறகு Transfer chats என்று போய்த் தொடங்க வேண்டும். புதிய போனில் அதே எண்ணால் வாட்ஸ்அப்பைப் பதிந்தால், பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்கும். சம்மதித்தால் திரையில் ஒரு கட்டக் குறி தோன்றும். அதைப் பழைய போனின் காமிராவால் பார்க்கச் செய்தால் எழுத்தும் படமும் நேராக மாறிவிடும். 2023ஆம் ஆண்டில் வந்த வசதி இது. பழைய போன் கையில் உயிரோடு இருக்கும்வரைதான் இது பயன்படும்.

இரண்டாவது வழி, நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பது. அதே Chats பக்கத்தில் Chat backup என்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இந்த நகல் நமது கூகுள் கணக்கில் போய்ச் சேரும். போன் தொலைந்தாலும் கடலில் விழுந்தாலும் இந்த நகல் நிற்கும். ஆனால் இது நகல் என்பதை மறக்கலாகாது. பின்னிரவில் எடுத்த நகலில் இன்று மாலை வந்த ஆர்டர் இருக்காது. கடைசி நகல் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை அந்தப் பக்கமே காட்டும். அங்கே மூன்று மாதத்துக்கு முந்திய தேதி இருந்தால், மூன்று மாதக் கணக்கு ஒற்றைப் போனை நம்பி இருக்கிறது என்பது பொருள்.

இந்த வழியில் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, கூகுள் கணக்கு. பழைய போனில் மகனுடைய கணக்கும் புதிய போனில் நம்முடைய கணக்கும் இருந்தால் நகல் அகப்படாது. எந்த மின்னஞ்சல் முகவரியின் பெயரில் நகல் இருக்கிறது என்பதை Chat backup பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, அதையே புதிய போனிலும் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அவசரம். புதிய போனில் பதியும்போது "பழைய நகலைச் சேர்க்கவா?" என்று ஒருமுறை கேட்கும். கடையில் கூட்டம் நிற்கிறதே என்று அதைத் தாண்டிப் போய்விட்டால் வெற்றுப் பேரேடு திறக்கும். அத்தோடு முடிந்தால் பாதகமில்லை. வாட்ஸ்அப்பை நீக்கித் திரும்ப ஏற்றினால் மறுபடி கேட்கும். ஆனால் இடையில் புதிய போன் தன் வெற்றுப் பேரேட்டை அதே கூகுள் கணக்கில் நகலெடுத்துவிட்டால், அது பழைய நகலின் மேலேயே எழுதிவிடும். அதற்குப்பின் பழையதை அங்கிருந்து எடுக்க வழியில்லை. ஆகையால் வெற்றுப் பேரேட்டைக் கண்டவர் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று விடக்கூடாது.

மூன்றாவது, பூட்டு. 2021ஆம் ஆண்டு முதல் இந்த நகலுக்கும் தனிப் பூட்டுப் போடலாம். அதற்குக் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ வைத்தவர் அதை இழந்துவிட்டால், கம்பெனியாலும் திறந்து தர முடியாது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் கணக்கிலுள்ள நகலை ஐபோன் திறக்காது. Move to iOS என்ற செயலியைப் பழைய போனில் ஏற்றி, ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே வாட்ஸ்அப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஐபோனை ஒரு வாரம் உபயோகித்துவிட்டு இவ்வழியை நாடினால், அதை முழுதும் அழித்துப் புதிதாக்கியே தொடங்க வேண்டியிருக்கும்.

நம் மளிகைக் கடைக்காரர் முதல் வழியில் மாற்றிவிட்டார். இனி அவர் செய்ய வேண்டியது பரிசோதனை. குழுக்களின் பெயரைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. சாப்பாட்டுக் கடைக்காரருடைய பக்கத்தைத் திறந்து, மார்ச் 3ஆம் தேதிக்குப் போய், 1,850 வெள்ளி என்ற எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பழைய ரசீதுப் படம் ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும். பழைய போனை அன்றே விற்காமல் ஒரு வாரம் வைத்திருப்பது நல்லது. அதில் வாட்ஸ்அப் விடுபட்டுப் போயிருந்தாலும், எழுதப்பட்டவை உள்ளே கிடக்கும்.

"இத்தனை தொல்லை எதற்கு? டெலிகிராமே போதுமே" என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆனால் கிட்டங்கிக்கும் ஒரு குறை உண்டு. டெலிகிராமில் இருவர் பேசும் பக்கம் இருவருக்கும் பொதுவான ஒரே ஏடு. 2019ஆம் ஆண்டு முதல் இருவரில் எவரும், எவர் எழுதிய செய்தியையும், எத்தனை நாள் கழிந்திருந்தாலும், இருபக்கமும் மறையும்படி அழிக்கலாம். அழித்த இடத்தில் அடையாளமும் நிற்காது. பாக்கிக்காரர் "1,850 தருகிறேன்" என்றதை ஒரு வருஷம் கழித்து அழித்தால் நம் திரையிலும் அது இராது. வாட்ஸ்அப்பிலோ, எழுதியவர் இரண்டரை நாளுக்குள்தான் அனைவருக்கும் மறையும்படி அழிக்கலாம். அழிக்கப்பட்டது என்ற குறிப்பும் அங்கே நிற்கும். அந்தக் கெடு கடந்தபின் நம் போனிலுள்ள ஏட்டில் அவர் கை வைக்க முடியாது. போன் மாற்றும்போது சிரமம் கொடுக்கும் அதே குணம், கடன் எழுத்துக்குக் காவலாகிறது.

ஆகையால் சரக்கு விலைப்பட்டியல், படங்கள், கடைப் பையன்களுக்குச் சொல்லும் தகவல் ஆகியவற்றுக்குக் கிட்டங்கி சௌகரியம். பாக்கி பற்றிய எழுத்து நம் கையிலுள்ள ஏட்டில் இருப்பதே மேல். பெரிய பாக்கிக்காரர்களின் பக்கங்களை மட்டும் Export chat என்பதன் மூலம் தனிக் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளலாம். அதை வாட்ஸ்அப்புக்குள் திரும்ப ஏற்ற முடியாது. படிக்கவும் அச்சடிக்கவும் உதவும்.

இரண்டு வகைக்கும் பொதுவான சாவி தொலைபேசி எண். போன் தொலைந்தால், முதல் வேலையாக மைகார்டை எடுத்துக்கொண்டு தொலைபேசிக் கம்பெனியின் கடைக்குப் போய், அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்க வேண்டும். எண்ணையே மாற்ற நினைப்பவர், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே இரண்டு செயலிகளிலும் புதிய எண்ணைப் பதிந்துவிட வேண்டும். பணம் போடாமல் விட்டுக் காலாவதியான எண்ணுக்குக் குறியீடு வராது. குறியீடு வராவிட்டால், கிட்டங்கி நிறையச் சரக்கு இருந்தும் கதவு திறக்காது.