தேயிலைக் கடை போடப் போகிறீர்களா?

டிக்கோயாவிலிருந்து யாழ்ப்பாண வர்த்தகக் கண்காட்சிக்குத் தேயிலை கொண்டுபோகிறவர்கள் முதலில் கவனிக்கவேண்டியது தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் ஊற்றினால் நம் மலைத்தேயிலையின் சாயம் மங்கும், மேலே ஆடை படியும். குற்றம் தேயிலைமேல்தான் விழும். போத்தல் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, 100 மில்லிக்கு 2 கிராம் வீதம் ஊற்றிக் கொடுங்கள்.

மாதிரிக்கு 10 கிராம் ஃபொயில் பக்கெட் போதும், ஐந்து கோப்பை வரும். ஒரு கிலோவில் நூறு பக்கெட். வெறும் பொலித்தீனில் கட்டினால் ஈரமும் பக்கத்துக் கடைக் கருவாட்டு வாசமும் ஏறிவிடும்.

காட்சிக்குக் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் வைக்கலாம். வெயில் பட்ட அந்தத் தூளை மட்டும் விற்காதீர்கள். துண்டுப்பிரசுரம் ஒரு தாள்: தரம், பக்கெட் அளவு, விலை, வட்ஸ்அப் இலக்கம். சிங்க இலச்சினையைத் தேயிலைச் சபையின் அனுமதியில்லாமல் அச்சிடக் கூடாது.

ஓடர் புத்தகம் காபன் வைத்ததாக இருக்கட்டும். “பி.ஓ.பி.எஃப்., 200 கிராம், 50 பக்கெட், லொறிக் கூலி வாங்குபவருடையது, முற்பணம் பாதி” என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கூலி யாருடையது என்று எழுதாத ஓடரில்தான் பிறகு சண்டை வரும்.