மஷூரா கேட்கும் முறை

 

கைஸின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் தலாக் சொல்லப்பட்டு, இத்தா முடிந்ததும் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். முஆவியாவும் அபூஜஹ்மும் தம்மைப் பெண் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியா பொருள் இல்லாத ஏழை என்று கூறிய நபியவர்கள், உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். முதலில் அந்த அம்மையாருக்கு மனமில்லை. பிறகு சம்மதித்தார்கள், அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது.

அவர்கள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். "நான் மறுமணம் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்கவில்லை. யாருக்கும் வாக்குக் கொடுக்கும் முன்பே வந்து, இன்னார் இன்னார் கேட்கிறார்கள் என்றார்கள். அதனால்தான் ஒவ்வொருவரைப் பற்றியும் பதில் கிடைத்தது. அவர்கள் நினைக்காத மூன்றாவது வழியும் கிடைத்தது.

நாம் எப்படிக் கேட்கிறோம்? "மச்சான், சவூதியில வேலை வந்திருக்கு, போகலாமா?" என்கிறோம். நண்பரும் "போ மச்சான், அல்லாஹ் லேசாக்குவான்" என்கிறார். அது துஆ, மஷூரா அல்ல.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சம்பளம் 1,500 ரியால். தங்குமிடம் கம்பெனி தரும், சாப்பாடு நம்முடையது, 400 ஆகும். ஒப்பந்தம் 2 வருடம். ஏஜென்ட் 90,000 ரூபாய் கேட்கிறார்; மனைவியின் நகையை விற்றால்தான் முடியும். இங்கே கடையில் 18,000 வருகிறது. வாப்பாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனம் போகத்தான் சொல்கிறது."

இப்போது நண்பர் கணக்குப் போடுவார். மிஞ்சும் 1,100 ரியால், ரியாலுக்கு 22 ரூபாய் வைத்தால் 24,200. இங்கே கிடைப்பதைவிட 6,200தான் அதிகம். ஏஜென்ட் பணத்தை எடுக்கவே பதினான்கு மாதம் தாண்டும். "வாப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வானா, கேட்டாயா?" என்பார். அந்த ஒரு கேள்விதான் உங்களுக்குத் தேவைப்பட்டது.

மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். நகை விஷயத்தைச் சொல்லாமல் சம்பளத்தை மட்டும் சொன்னால், நீங்கள் கேட்பது ஆலோசனை அல்ல, ஆமாம் என்ற வார்த்தை.

"பிறர் குறையைச் சொன்னால் புறம் ஆகாதா?" என்ற அச்சம் சிலருக்கு உண்டு. சம்பந்தம் பேசுவது போன்ற காரியங்களில் ஆலோசனைக்காகச் சொல்வதை, அனுமதிக்கப்பட்டவற்றில் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதுகிறார்கள். தேவையான அளவோடு நிறுத்துங்கள். பெயர் இல்லாமலே விளங்குமானால் "ஒருவர்" என்று சொல்லுங்கள்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழியின் கருத்து. விஷயத்தை முழுதாக ஒப்படைத்தால்தான் அவர் அந்த அமானிதத்தை நிறைவேற்ற முடியும். கேட்டபின் இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்; முடிவு உங்களுடையது.