பம்பளிமாஸும் மீனும்: உணவால் மாறும் மருந்தின் வீரியம்

விழுங்கும் மாத்திரை முழுவதும் இரத்தத்தை அடைவதில்லை. சிறுகுடல் சுவரிலுள்ள சிஒய்பி3ஏ4 என்னும் நொதி, அதாவது வேற்றுப் பொருள்களைச் சிதைக்கும் புரதம், சில மருந்துகளின் பெரும்பகுதியை வழியிலேயே அழித்துவிடுவதால், அந்த இழப்பையும் கணக்கிட்டே அவற்றின் அளவு வகுக்கப்படுகிறது. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து தோன்றிய கிரேப்ஃப்ரூட்டின் சாற்றிலுள்ள ஃபியூரனோகூமரின் என்னும் பொருள்கள் இந்நொதியை மீளாதபடி முடக்குகின்றன.

கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் மதுவின் சுவையை மறைக்க இச்சாற்றைக் கலந்து கொடுத்து நடத்திய ஆய்வில், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் உயர்ந்ததிலிருந்தே 1989இல் இது தெரியவந்தது. இம்மருந்தில் ஏறத்தாழ 15 விழுக்காடே இயல்பாக இரத்தத்தை அடைவதால், 5 மில்லிகிராம் மாத்திரையில் பயன்படுவது சுமார் 0.75 மில்லிகிராம்; ஒரு குவளைச் சாறு அதை மும்மடங்காக்கினால், 15 மில்லிகிராம் விழுங்கியதற்கு ஒப்பான நிலை ஏற்பட்டு, தலைச்சுற்றலும் படபடப்பும் தோன்றலாம். புதிய நொதி உருவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகுமாதலால், காலையில் சாறும் இரவில் மாத்திரையும் என நேரத்தைப் பிரிப்பது பயன் தராது.

மயக்கமூட்டும் மருந்துகளில் சாற்றின் இவ்விளைவு மருந்துக்கு மருந்தும், கொடுக்கும் வழிக்கு வழியும் வேறுபடுகிறது. வாய்வழி கொடுக்கப்படும் மிடசோலம் குடற்சுவரைக் கடந்தாக வேண்டியிருப்பதால், சாற்றுடன் சேரும்போது அதன் மயக்கம் ஆழ்ந்து நீள்கிறது. ஊசிவழி செலுத்தப்படும் அதே மருந்து குடலைத் தொடாததால் பெரிதும் மாறுவதில்லை. அல்பிரசோலம் இயல்பாகவே பெரும்பகுதி இரத்தத்தை அடைந்துவிடுவதால், அதிலும் மாற்றம் சிறிதே. பம்பளிமாஸிலும் ஃபியூரனோகூமரின்கள் உள்ளன. அவற்றின் அளவு வகைக்கு வகை மாறுவதால், ஃபெலோடிபின், சிம்வாஸ்டாடின் போன்றவற்றை உண்போர் அதையும் தவிர்ப்பதே தகும்.

கட்டுமாவடி போன்ற கடற்கரை ஊர்களில் கவனிக்க வேண்டிய உணவு மீன். ஆனால் இங்கே உணவு மருந்தை மாற்றுவதில்லை, மருந்தே உணவின் வீரியத்தை மாற்றுகிறது. சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகுகிறது. காசநோய்க்குரிய ஐசோனியசிட், உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. இதனால் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, அரிப்பு ஆகியவை தோன்றுவதை 1977இல் இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்தனர். சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் ஒவ்வாமை என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ இதைத் தவறாகக் கொண்டு சிகிச்சையை நிறுத்தினால் காசநோய் மீண்டும் தலைதூக்கும். ஆகவே சிகிச்சைக் காலத்தில் இவ்வகை மீன்களைத் தவிர்த்து, அறிகுறி தோன்றினால் உண்ட மீனின் பெயரையும் உண்ட நேரத்தையும் மருத்துவரிடம் சொல்வதே, மாத்திரையைத் தொடர்ந்து உண்ண உதவும் வழியாகும்.